நான்கு மைகளில் பட்டிப்பொல

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையில், ஏறத்தாழ 140 மைல் தொலைவில், பட்டிப்பொல நிலையம் அமைந்திருக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 6,200 அடி உயரத்திலுள்ள இதுவே இலங்கையின் புகையிரத நிலையங்கள் அனைத்திலும் உயரமானது. இதனைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் பாதை தன் உச்சியை எட்டி, ஒரு சுரங்கத்தினுள் நுழைந்து, ஒகியாவை நோக்கி இறங்கத் தொடங்கும். இங்கே இறங்கும் பிரயாணிகளிற் பெரும்பாலோர் மேடையில் நின்றவாறே ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளத் தவறுவதில்லை. அத்தகைய புகைப்படம் ஒன்றைக் கொண்டு, பழைய நாட்களில் புகையிரத நிலையச் சுவர்களை அலங்கரித்த பிரயாண விளம்பரச் சித்திரம் போன்றதொன்றை வீட்டிலேயே ஆக்குவது எவ்வாறு என்பதை இந்த ஞாயிறு பார்ப்போம்.

முதலில் அந்தப் பழைய சித்திரங்களுக்கு அத்தோற்றம் எப்படி வந்தது என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும். அவை கல்லச்சு முறையில் அச்சாயின. அம்முறையில் ஒவ்வொரு மைக்கும் ஒரு தனிக் கல் அல்லது தகடு வேண்டும். ஒவ்வொரு மைக்கும் தாள் ஒரு தடவை இயந்திரத்தினுள் சென்று வரவேண்டும். ஆகவே மை கூடக் கூடச் செலவும் கூடும். ரவிவர்மா 1894ஆம் ஆண்டு பம்பாயில் நிறுவிய அச்சகத்திலிருந்து வெளிவந்த தெய்வப் படங்களை நம்மவர் வீடுகளிற் கண்டிருப்பீர்கள். கன்னத்தின் சிவப்பும் பட்டின் பளபளப்பும் படிப்படியாக மங்கித் தோன்றுவதற்காக அங்கே பல கற்களைப் பயன்படுத்தினார்கள். பிரயாணச் சித்திரக்காரரோ இதற்கு நேரெதிரான வழியைப் பிடித்தனர். இங்கிலாந்தில் 1890களில் பெக்கர்ஸ்டாவ்ஸ் என்ற பெயரில் கூட்டாக உழைத்த ஜேம்ஸ் பிரைட், வில்லியம் நிக்கல்சன் ஆகிய இருவரும் வர்ணத் தாள்களைக் கத்தரித்து ஒட்டியே விளம்பரங்களை அமைத்தார்கள். பின்னர், 1923இல் உருவான லண்டன் அண்டு நார்த் ஈஸ்டர்ன் ரயில்வேக்காக டாம் பர்விஸ் என்பவர் தீட்டிய கடற்கரைச் சித்திரங்களில் வரம்புக் கோடுகூட இல்லை. ஒரே தட்டையான வர்ணப் பரப்பு இன்னொன்றைச் சந்திக்கும் இடமே உருவத்தின் எல்லையாகிவிடும்.

ஆகவே பழைய தோற்றம் என்பது தாள் மஞ்சளித்துப் போனதனாலோ மடிப்பு விழுந்ததனாலோ வந்ததன்று. சிலர் கணினியில் கறையையும் கீறலையும் சேர்த்துவிட்டு, இதோ பழைய சித்திரம் என்கின்றனர். அது அழுக்கான புகைப்படமேயன்றி வேறில்லை. மைகளின் தொகையை முன்கூட்டியே வரையறுத்துவிட்டு, அதற்குள் எதை விடுவது, எதை வைப்பது என்று தீர்மானிப்பதிலேயே முழு வேலையும் அடங்கியிருக்கின்றது.

எழுத்துக்கு முதலிடம்

வேலையை எழுத்திலிருந்தே தொடங்குங்கள். படத்தை முடித்துவிட்டு எஞ்சிய இடத்தில் ஊர்ப்பெயரைத் திணிப்பவர்களின் சித்திரத்தைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்ளலாம். பெயர் மலையின்மேல் ஒட்டிய சீட்டுப் போலக் கிடக்கும்.

பிரிட்டிஷ் புகையிரத விளம்பரங்களின் வழக்கமான அளவுகளில் ஒன்று 25 அங்குல அகலமும் 40 அங்குல உயரமும் ஆகும். அங்குலத்தைச் சென்டிமீட்டராக மாற்றிக்கொண்டால், 25க்கு 40 என்ற அதே வடிவம் கடையிற் கிடைக்கும் ஏ3 தாளினுள் ஓரம் விட்டு அமைந்துவிடும். நாம் எடுத்துக்கொள்ளும் புகைப்படம் கைத்தொலைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்தது. அதன் அகலமும் உயரமும் 3க்கு 4 என்ற விகிதத்தில் உள்ளன. அகலத்தை 25 ஆக்கினால் உயரம் 33 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே வரும். மேல் விளிம்பில் சிறிதளவு வெட்டி 32½ ஆக்குங்கள். அடியில் எழுத்துக்கென 7½ சென்டிமீட்டர் கிடைத்துவிட்டது.

இந்த 7½ போதுமா என்பதை இப்பொழுதே கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கள் இரு கோடுகளுக்கிடையே அடங்கி நிற்பவை. அவற்றுக்கு ஒடுங்கிய பட்டையே போதும். தமிழ் அவ்வாறன்று. பட்டிப்பொல என்ற பெயரில் எழுத்து ஆறுதான். ஆனால் ‘பொ’ என்பது கொம்பும் பகரமும் காலுமாக மூன்று வடிவங்களாய் விரிவதால், கிடையாக எட்டு வடிவங்கள் நிற்கும். இரு பக்கமும் 2 சென்டிமீட்டர் விட்டால் மிஞ்சும் 21 சென்டிமீட்டரில் ஒவ்வொரு வடிவத்துக்கும் சராசரியாக 2.3 சென்டிமீட்டரும், இடைவெளிக்கு ஏறத்தாழ 3½ மில்லிமீட்டரும் கிடைக்கும். எழுத்தின் உடல் 2½ சென்டிமீட்டர் உயரம் என்று கொண்டால், இரண்டு புள்ளிகளுக்கும் ‘டி’யின் வளைவுக்கும் மேலே இன்னுமொரு சென்டிமீட்டர் வேண்டும். நிலையப் பலகையைப் போலவே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெயரைச் சிறியதாக அடியில் எழுதுவதாயின், அந்த வரிக்கு ஒரு சென்டிமீட்டர். மேல் ஓரம் 1, தமிழ்ப் பெயர் 3½, இடைவெளி 0.7, அடுத்த வரி 1, ஆக 6.2. எஞ்சிய 1.3 அடி ஓரமாகின்றது. அடி ஓரம் மேல் ஓரத்தைவிடச் சற்று அகன்றிருந்தால்தான் எழுத்து வழுக்கி விழுவதுபோற் தோன்றாது. எனவே 7½ போதும்.

ஊர் மாறினால் கணக்கும் மாறும். நுவரெலியா என்று எழுதுவோர் ‘நு’ கீழே இறங்குவதை நினைவிற் கொள்ளவேண்டும். அங்கே மேலே மிச்சம், கீழே தேவை.

புகைப்படத்தைச் சுருக்குதல்

இனிப் புகைப்படத்தைப் பார்ப்போம். இடப்புறத்தில் மேடையும் அதன்மேல் ஒரு பெண்ணும். நடுவில் வளைந்து செல்லும் தண்டவாளம். அதன் அப்பால் வந்து நிற்கும் செந்நிறப் பெட்டிகள். வலப்புறத்தில் நெடிய யூக்கலிப்டஸ் மரங்கள். பின்னே ஒரு பசுமையான சரிவு. அதற்கும் பின்னே மூடுபனியில் மங்கிய மலைத்தொடர். இவற்றோடு மின்கம்பம், கம்பி, கைகாட்டி, குப்பைத்தொட்டி, சரளைக்கல் ஆகியனவும் உண்டு.

படத்தைக் கறுப்பு வெள்ளையாக அச்சிட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, பத்தடி பின்வாங்கிக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். சிறியவை மறைந்து பெரிய பரப்புக்கள் மட்டும் எஞ்சும். அவற்றை நான்கு படிகளாக வகுத்துக்கொள்ளுங்கள். வானமும் மூடுபனியும் தாளின் வெண்மை, தூரமலை வெளிர்ந்தது, சரிவு நடுத்தரமானது, மரங்களும் முன்னிலமும் கரியவை. இப்பொழுது படத்தின்மேல் டிரேசிங் தாளை வைத்து, இந்தப் பரப்புக்களின் எல்லையை மட்டும் ஒரே தொடர்ந்த கோடாக வரையுங்கள்.

இந்த வேலையைக் கணினியே செய்துவிடாதோ என்று மாணவர்கள் கேட்பார்கள். GIMP என்னும் இலவச மென்பொருளில் Posterize என்றொரு கட்டளை உண்டு. அதில் 4 என்று கொடுத்தால் ஒளிநிழல் படிகளாகப் பிரிந்துவிடும். ஆயினும் வந்த படத்தை உற்றுப் பாருங்கள். சரளைக்கல் முழுவதும் கறுப்பும் வெள்ளையுமான பொரிகளாகவும், மரத்தின் தழை நூறு தீவுகளாகவும் சிதறியிருக்கும். இயந்திரம் வெளிச்சத்தை அறியுமேயன்றி, இது மரம், இது கல் என்பதை இந்தக் கட்டளை அறியாது. படிகள் எங்கே பிரிகின்றன என்பதைக் காண்பதற்கு அதனைப் பயன்படுத்துங்கள். எல்லைக்கோட்டை உங்கள் கையாலேயே வரையுங்கள்.

மரத்துக்கு இலை வரையவேண்டியதில்லை. அதன் இனத்தை விளிம்பே சொல்லிவிடும். யூக்கலிப்டஸ் மரம் நீண்ட வெறுந்தண்டும் உச்சியிற் கலைந்த சில தழைக்கூட்டங்களுமாக நிற்கும். தழைகளுக்கிடையே வானம் தெரியும் துவாரங்கள் இரண்டொன்றை விட்டால் போதும். துவாரமே இல்லாவிடில் அது பூக்கோசு போலாகிவிடும். பத்து விட்டாலோ சல்லடையாகிவிடும். தண்டவாளத்தைக் கரிய முன்னிலத்தில் தாளின் வெண்மையாக விட்ட இரு கோடுகளால் காட்டலாம். அவற்றிடையேயுள்ள அகலத்தைப் புகைப்படத்தில் உள்ளவாறே அளந்து வையுங்கள். இது 5½ அடி இடைவெளியுள்ள அகலப் பாதை. ஒடுக்கி வரைந்தால் நீலகிரி மலைப் புகைவண்டியின் மீட்டர் பாதை போலாகி, இந்த இடத்தின் அடையாளமே கெட்டுவிடும்.

முன்னிலத்திலேயே புகைப்படம் மிகவும் குழப்பமாக இருக்கின்றது. கல், எண்ணெய்க் கறை, நிழல், புல் எல்லாம் அங்கேதான். இவை அனைத்தையும் ஒரே கரிய பரப்பாக்கி, அதனை அப்படியே கீழே இறக்கி எழுத்துப் பட்டையோடு இணைத்துவிடுங்கள். படம் எங்கே முடிகின்றது, பட்டை எங்கே தொடங்குகின்றது என்று கோடு போடவேண்டாம். ஊர்ப்பெயர் நிற்கும் நிலமும் புகையிரதம் நிற்கும் நிலமும் ஒன்றாகிவிடும். எழுத்தைத் தாளின் வெண்மையாக விட்டுவிடலாம். சுற்றிலும் கரிய மை வருவதனால் மெல்லிய கோடுகள் அடைபட்டுப் போகும்; எழுத்தின் கோட்டை 4 மில்லிமீட்டருக்குக் குறையாமல் தடிப்பாக வையுங்கள்.

நான்கு மை, ஆறு வர்ணம்

நாம் எடுத்துக்கொள்ளும் மைகள் மஞ்சட்காவி, சாம்பல்நீலம், செங்கற்சிவப்பு, கரும்பச்சை ஆகிய நான்கு. தாளின் வெண்மை விலையின்றிக் கிடைக்கும் ஐந்தாவது வர்ணம். பழைய அச்சகத்தார் அறிந்திருந்த இன்னொரு சிக்கனம் உண்டு. கண்ணாடி போன்ற ஒரு மையின்மேல் இன்னொன்று விழுந்தால் மூன்றாவது வர்ணம் தோன்றும். மஞ்சட்காவியின்மேல் சாம்பல்நீலம் விழும் இடம் மந்தமான பச்சையாகும். அதுவே நமது சரிவு. தூரமலை தனிச் சாம்பல்நீலம்; வெயில் படும் மேடைத்தளம் தனி மஞ்சட்காவி; பெட்டிகள் சிவப்பு; மரமும் முன்னிலமும் கரும்பச்சை. ஆக நான்கு மைகளில் ஆறு வர்ணங்கள்.

கடையில் விற்கும் போஸ்டர் வர்ணம் அடியிலுள்ளதை மறைத்துவிடும். ஆகவே அதில் ஒன்றன்மேல் ஒன்றைப் பூசிப் பயனில்லை. சரிவின் பச்சையை மற்ற இரண்டு மைகளையும் கலந்தே ஆக்குங்கள். புதிதாக ஒரு பச்சைக் குப்பியைத் திறக்கவேண்டாம். அவ்வாறு கலந்த பச்சையில் மலையின் நீலமும் மேடையின் மஞ்சளும் இருப்பதனால், மூன்றும் ஒரே குடும்பமாக இணங்கி நிற்கும். கணினியில் செய்வோர் ஒவ்வொரு மைக்கும் ஒரு தளம் வைத்து, அதனை Multiply என்ற முறையில் அமைத்தால் அச்சு மையைப் போலவே நடந்துகொள்ளும்.

வர்ணத்தை நீர் விட்டுக் கடைந்த தயிரின் பதத்துக்குக் கரையுங்கள். நீர்த்திருந்தால் தூரிகைக் கோடு தெரியும். தடித்திருந்தால் காய்ந்தபின் வெடிக்கும். வேண்டிய முழு அளவையும் ஒரே தடவையிற் கலந்து மூடியுள்ள சிறு போத்தலில் வையுங்கள். இரண்டாந்தரம் கலந்தது முதலாவதோடு பொருந்துவது அரிது. இவ்வகை வர்ணங்களில் வெளிர்ந்தவை காய்ந்ததும் சற்றுக் கறுக்கும். கரியவை சற்று வெளிறும். ஆகையால் துண்டுத் தாளிற் பூசிக் காயவைத்த பின்னரே ஒப்பிட்டுப் பாருங்கள். பூசும் முறை வெளிரிலிருந்து கருமைக்கு. ஒவ்வொரு வெளிர்ந்த பரப்பும் அடுத்துவரும் கரிய பரப்பின் எல்லைக்குள் ஒரு மில்லிமீட்டர் புகுந்திருக்கட்டும். இல்லையேல் இரண்டுக்குமிடையே வெள்ளைக் கீற்று ஒன்று தோன்றி, முழுச் சித்திரத்தையும் கிழிந்ததுபோற் காட்டும்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தபின்னும் ஒரு குறை எஞ்சக்கூடும். செந்நிறப் பெட்டிகள் பச்சைச் சரிவின் முன்னே நிற்கின்றன. சிவப்பும் பச்சையும் பகைவர்ணங்கள். ஆகவே பளிச்சென்று பிரிந்து தெரியும் என்றே நினைப்போம். சித்திரத்தைக் கறுப்பு வெள்ளையாகப் படம் பிடித்துப் பாருங்கள். புகையிரதம் காணாமற் போயிருக்கும். இரண்டும் ஒரே அளவு கருமையுடையவை. அதனால்தான் தூரத்திலிருந்து பார்க்கும்போது அந்த விளிம்பு கண்ணைக் கூசச் செய்து நடுங்குகின்றது. சிவப்பை இன்னும் கடுமையாக்குவதால் இது தீராது.

பரிகாரம் பட்டிப்பொலவிலேயே கிடைக்கின்றது. அங்கே மூடுபனி மலையின் அடியில் இறங்கித் தங்கும். புகைப்படத்தில் அது மெல்ல மெல்ல மங்கிச் செல்வதாகத் தெரியும்; தட்டை மையில் அவ்வாறு மங்கவைக்க இயலாது. ஆகவே சரிவின் அடிப்பகுதியைப் பெட்டிகளின் கூரைக்கு 1½ சென்டிமீட்டர் மேலேயே, நீண்ட அலைபோன்ற கிடைக்கோட்டினால் வெட்டி நிறுத்திவிடுங்கள். அதன்கீழே தாளின் வெண்மை. சிவப்புக் கூரை இப்பொழுது வெண்மையின்மேல் தெளிவாக எழுந்து நிற்கும்; கண்ணோ அந்த வெண்மையை மூடுபனி என்றே படித்துக்கொள்ளும். தூரமலையின் அடியையும் அவ்வாறே வெட்டினால் மலைக்கும் சரிவுக்கும் இடையே ஆழம் தோன்றும். மையே பூசாத இடம் இவ்விரு வேலைகளையும் செய்கின்றது. மூடுபனியற்ற நண்பகற் படத்தை எடுத்துக்கொண்டவர்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்கள் சரிவை ஒரு படி வெளிறச் செய்யவேண்டியிருக்கும்.

சிவப்பைப் பெட்டிகளுக்கு மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள். எழுத்திலும் சிவப்பு வந்தால் கண் இரண்டிடத்துக்கும் அலையும்.

மேடையில் நிற்பவள்

கடைசியாக அந்தப் பெண். பிரிட்டிஷ் அரசின் எம்பயர் மார்க்கெட்டிங் போர்டு 1926 முதல் 1933 வரை வெளியிட்ட விளம்பரச் சித்திரங்களில் இலங்கையின் தேயிலைத் தோட்டமும் இடம்பெற்றது. கொழுந்து பறிக்கும் பெண் அன்றுமுதல் நம் மலைநாட்டின் முத்திரையாகிவிட்டாள். இன்று மலைநாட்டுச் சித்திரம் வரையும் எவரும், புகைப்படத்தில் இல்லாவிட்டாலும், மூலையில் ஒரு கூடைக்காரியைச் சேர்க்க விரும்புவர். அவளைப் பெரும்பாலும் வேறொரு சித்திரத்திலிருந்தே பிரதி செய்வதனால், கூடையின் கயிறு தோளில் தொங்கும். இடுப்பிற் படங்கு இராது. பாரம் சுமப்பவளின் கழுத்து முன்னே சாய்ந்திருக்காது. அத்தொழிலைச் செய்தவர்களின் வீட்டில் அச்சித்திரத்தை மாட்டினால், பாட்டியார் ஒரு கணத்தில் சொல்லிவிடுவார், “இவள் ஒரு நாளும் கூடை தூக்கியவளில்லை” என்று.

தட்டை வடிவத்துக்கு முகம் இல்லை. ஆகையால் அந்த மனிதர் யார் என்பதை நிற்கும் நிலை ஒன்றே சொல்லவேண்டும். நமது புகைப்படத்தில் இருப்பவள் கொழுந்து பறிப்பவளல்லள். கம்பளியைத் தலையோடு போர்த்து, மரக்கறிச் சாக்கொன்றைக் காலடியில் வைத்துக்கொண்டு புகையிரதத்தை எதிர்நோக்குகின்றாள். பட்டிப்பொலப் பக்கத்தில் உருளைக்கிழங்கும் கோவாவும் விளைகின்றன, குளிரோ கடுமையானது. அவளை உள்ளவாறே விடுங்கள்.

மஞ்சட்காவி மேடையின்மேல் கரும்பச்சையில் 3½ சென்டிமீட்டர் உயரமாக அவளை வரையலாம். கம்பளியைப் பிடித்திருக்கும் முழங்கைக்கும் உடலுக்கும் இடையே ஒரு சிறு மஞ்சள் முக்கோணம் தெரியவேண்டும். அது அடைபட்டால் அவள் ஒரு தூணாகிவிடுவாள். சாக்குக்கும் காலுக்கும் நடுவிலும் ஒரு கீற்று வேண்டும். உடல் எடை எந்தக் காலில் நிற்கின்றது என்பதைப் புகைப்படத்திற் பார்த்து, இடுப்பை அந்தப் பக்கம் சிறிது தள்ளுங்கள். வரைந்து முடிந்ததும், அவளை மட்டும் கறுப்புத் தாளில் வெட்டி எடுத்து, வீட்டிலுள்ள ஒருவரிடம் காட்டி, இவர் என்ன செய்கின்றார் என்று கேளுங்கள். காத்திருக்கின்றார் என்று விடை வந்தால் வடிவம் சரி. நிற்கின்றார் என்று மட்டும் வந்தால், கழுத்தைப் பாதை வரும் திசைக்கு இன்னும் சற்றுத் திருப்பி, மறுபடியும் வெட்டிப் பாருங்கள்.

பின்பு முழுச் சித்திரத்தையும் சுவரில் மாட்டி, அறையின் மறுகோடியிலிருந்து நோக்குங்கள். முதலில் சிவப்புப் பெட்டி, அடுத்து அந்தப் பெண், அதன்பின் ஊர்ப்பெயர் என்ற வரிசையிற் கண் சென்றால் வேலை முடிந்தது. மின்கம்பமோ குப்பைத்தொட்டியோ நடுவில் வந்து மறித்தால், அதைக் கரும்பச்சையால் மூடிவிடுங்கள். அதற்கென ஐந்தாவது மை வேண்டியதில்லை.